கே.ஓ.டி. உள்ளே போன பிறகு: ஓட்டல் பில்லிங்கில் நான்கு வழிகள், ஒரே டேபிள்

பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வருபவர் காட்டும் டெமோ எந்த ஊரிலும் ஒன்றுதான். டேபிளைத் தொடுவார், இரண்டு இட்லி, ஒரு காபி போடுவார், கிச்சன் பிரிண்டரில் கே.ஓ.டி. என்கிற கிச்சன் ஆர்டர் சீட்டு வரும், பில் வரும், முடிந்தது. இதைச் செய்யாத சாஃப்ட்வேர் கிடையாது. கார்பன் தாளில் எழுதினாலும் இரண்டு இட்லிக்கும் ஒரு காபிக்கும் கணக்கு சரியாகத்தான் வரும். கே.ஓ.டி. உள்ளே போன பிறகு ஏதாவது மாறும்போதுதான் எந்த முறை உருப்படியானது, எது வெறும் அலங்காரம் என்பது தெரியும். வந்தவர்கள் டேபிள் மாறுவார்கள், அடுப்பில் ஏறிய பண்டத்தை வேண்டாம் என்பார்கள், கடைசியில் பில்லைப் பிரித்துக் கேட்பார்கள். இந்த மூன்றையும் ஒரே டேபிளில் ஓடவிட்டு, நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒப்பிட ஒரு ஓட்டல் வேண்டும். மாவட்டத் தலைநகரில் நாம் பார்க்கும் நடுத்தர அசைவ ஓட்டலை எடுத்துக்கொள்கிறேன். கீழே பெரிய ஹால், உள்ளே சின்னதாக ஒரு ஏ.சி. அறை, எல்லாம் சேர்த்துப் பதினெட்டு டேபிள். சமையல் பக்கம் நான்கு இடம்: வாசலில் பரோட்டா கல், பின்னால் மெயின் கிச்சன், தந்தூரி அடுப்பு, ஓரத்தில் ஜூஸ் கவுண்டர். ஏ.சி. அறைக்குத் தனி விலைப்பட்டியல். இந்த அளவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு கணக்கு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வழிகள் நான்கு. முதலாவது கார்பன் புத்தகம். சப்ளையர் எழுதுவார், மேல் தாள் கிச்சனுக்கு, இரண்டாவது கேஷியருக்கு, மூன்றாவது புத்தகத்திலேயே. இரண்டாவது கவுண்டர் என்ட்ரி. சப்ளையர் துண்டுச் சீட்டையோ வாய்மொழியையோ கல்லாவுக்குக் கொண்டுவருவார், கேஷியர் கம்ப்யூட்டரில் அடிப்பார், அந்தந்த இடத்துப் பிரிண்டரில் கே.ஓ.டி. வரும். மூன்றாவது, கேப்டன் அல்லது சப்ளையர் கையில் போன், டேபிள் பக்கத்தில் நின்றே அடித்து அனுப்புவது. நான்காவது அதே போன்தான், ஆனால் கிச்சனில் பிரிண்டருக்குப் பதில் திரை. வருகிற ஆர்டர் திரையில் கட்டம் கட்டமாக நிற்கும், முடிந்ததும் மாஸ்டர் தொட்டு நீக்குவார்.

இப்போது டேபிள். சனிக்கிழமை இரவு 8:05, ஏழாம் நம்பரில் ஆறு பேர், கீழ் ஹால். தந்தூரி சிக்கன் ஃபுல் ஒன்று 480, சிக்கன் 65 ஒன்று 190, மட்டன் சுக்கா ஒன்று 285, பரோட்டா பத்து, 25 வீதம் 250. கே.ஓ.டி. போய்விட்டது. 8:12-க்கு ஏ.சி.யில் பதினாலாம் நம்பர் காலியானதும் எழுந்து அங்கே போகிறார்கள். 8:14-க்கு ஏழில் வேறொரு குடும்பம் உட்கார்கிறது. 8:18-க்கு முதல் கூட்டம் தந்தூரி வேண்டாம் என்கிறது, பதிலுக்கு மட்டன் பிரியாணி இரண்டு, லைம் சோடா இரண்டு. 9:10-க்கு பில்லை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். ஒரு சனிக்கிழமைக்கு இது சாதாரணம்.

டேபிள் மாறியதிலிருந்து தொடங்கலாம். தந்தூரி, பரோட்டா, மெயின் கிச்சன் மூன்று இடத்திலும் 'டேபிள் 7' என்று சீட்டு நிற்கிறது. பரோட்டா கல்லில் பத்து பரோட்டா தயாராகி, அடித்து வைத்தாயிற்று. எடுத்துப் போகிறவர் சீட்டைப் பார்ப்பார், ஏழாம் நம்பருக்குப் போவார். அங்கே பசியோடு ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களும் பரோட்டாதான் சொல்லியிருக்கிறார்கள். இலையில் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. பதினாலில் இருப்பவர்களுக்கு இன்னும் பரோட்டா வரவில்லை என்று கேப்டன் கத்தும்போது மாஸ்டர் "போட்டு அனுப்பிச்சாச்சே" என்பார். இருவர் சொல்வதும் உண்மை.

கார்பன் புத்தகத்தில் இதைத் தடுக்க ஒரே வழி, சப்ளையர் மூன்று இடத்துக்கும் ஓடி, மூன்று சீட்டிலும் 7-ஐ அடித்து 14 என்று எழுதுவது. கூட்ட நேரத்தில் அவர் ஒன்றில்தான் எழுதுவார், கேஷியர் கையில் இருக்கும் தாளில் எழுதவே மாட்டார். கவுண்டர் என்ட்ரியில் கேஷியருக்குத் தெரிந்தால்தான் மாறும், அவருக்குத் தெரிவது பெரும்பாலும் பில் கேட்கும்போதுதான். எனவே கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதால் இந்தத் தொல்லை தீராது. கேப்டன் கையில் போன் இருந்தால் எழுந்து போகிறவர்களின் கூடவே நடந்து 7-ஐ 14-க்கு மாற்றிவிடலாம். ஆனால் அதிலும் ஒரு கேள்வி இருக்கிறது: மாற்றியது கிச்சனுக்குப் போகிறதா? பல சாஃப்ட்வேரில் டிரான்ஸ்ஃபர் என்பது பில்லை மட்டும் நகர்த்தும். கிச்சனில் சீட்டு பழைய நம்பரோடு அப்படியே நிற்கும். எந்தெந்த இடத்தில் இந்த டேபிளின் ஆர்டர் இன்னும் பாக்கியோ அங்கெல்லாம் 'T7 > T14' என்று ஒரு துண்டுச் சீட்டு வர வேண்டும். திரை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் வசதி அதிகம். கட்டத்தில் இருக்கும் நம்பரே மாறிவிடும், பழைய தாள் என்று ஒன்று இல்லை.

சாஃப்ட்வேருக்குள்ளே இன்னொரு வேறுபாடு இருக்கிறது, வெளியே தெரியாது. சிலவற்றில் ஆர்டர் டேபிள் நம்பரோடு கட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் ஆர்டருக்குத் தனி எண் இருக்கும், டேபிள் அதில் ஒட்டிய ஒரு விவரம் மட்டும். முதல் வகையில் ஆள் இருக்கும் டேபிளுக்குத் தவறி மாற்றினால் இரண்டு ஆர்டரும் கலந்து ஒரே பில்லாகிவிடும், திரும்பப் பிரிக்க ஒவ்வொரு ஐட்டமாகக் கையால் எடுக்க வேண்டும். இரண்டாவது வகை "14-ல் ஏற்கெனவே ஆர்டர் இருக்கிறது, சேர்க்கவா, தனியாக வைக்கவா?" என்று கேட்கும். வாங்கும் முன் இதை நீங்களே அழுத்திப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விலை விஷயமும் இங்கேதான் வருகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த புதிதில் ஏ.சி. ஓட்டலுக்கு ஒரு வீதம், ஏ.சி. இல்லாததற்கு ஒரு வீதம் என்று வரியே வேறாக இருந்தது. அந்த வருடம் நவம்பர் 15 முதல் நம்மைப் போன்ற தனி ஓட்டல்களுக்கு இரண்டும் 5 சதவீதமாகிவிட்டது. எனவே இன்று மாறுவது வரி அல்ல, விலைப்பட்டியல். நம் ஆறு பேர் கீழே உட்கார்ந்து 25 ரூபாய் பரோட்டாவைப் பார்த்து ஆர்டர் சொன்னார்கள். ஏ.சி. விலை 28. சிக்கன் 65-க்கு 210, சுக்காவுக்கு 310. டேபிளை மாற்றியதும் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஏ.சி. விலைக்குத் தூக்கினால், தந்தூரியைக் கணக்கில் எடுக்காமலே 75 ரூபாய் கூடும். தூக்காவிட்டால் கீழே ஆர்டர் சொல்லிவிட்டு உள்ளே ஏ.சி.யில் வந்து சாப்பிடும் பழக்கம் தெரிந்தவர்களுக்கு வரும். இரண்டில் எது என்று முதலாளிதான் முடிவு செய்ய வேண்டும். மாறும்போதே "இனிமே சொல்றது ஏ.சி. ரேட், சார்" என்று சொல்லிவிட்டு, பழைய கே.ஓ.டி.யைப் பழைய விலையிலேயே விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 75 ரூபாய்க்காகப் பில் நேரத்தில் வரும் வாக்குவாதம் அதைவிட அதிகம் தின்னும். சாஃப்ட்வேர் அதுவாகவே ஒன்றைச் செய்துவிட்டு நம்மைக் கேட்காமல் இருந்தால்தான் அதை வேண்டாம் என்பேன்.

அடுத்து, அடுப்பில் ஏறிய பிறகு கேன்சல். பணம் அதிகம் போவது இந்த வழியில்தான், திருட்டு ஒளிந்திருப்பதும் இங்கேதான். எனவே இதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன்.

"மாஸ்டர், பதினாலு தந்தூரி வேணாமாம்."

"கம்பியில ஏத்தி அஞ்சு நிமிஷம் ஆச்சு தம்பி. இப்ப வந்து சொல்ற?"

கணக்கில் இந்தக் கோழிக்கு என்ன ஆகும்? நான்கு விதமாக முடியலாம். மாஸ்டர் இன்னும் தொடவில்லை என்றால் வெறும் கேன்சல், பில்லிலும் இல்லை, சரக்கிலும் கழியாது. வெந்துவிட்டது, வாடிக்கையாளரிடம் வாங்கவும் இல்லை என்றால் வேஸ்ட், பில்லில் இல்லை, சரக்கில் கழிய வேண்டும். வெந்துவிட்டதால் வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டு பணம் தருகிறார் என்றால் அது கேன்சலே இல்லை. நான்காவது, அதே கோழி இன்னொரு டேபிளுக்குப் போவது. மூன்றாம் நம்பரில் 8:22-க்கு ஒரு தந்தூரி ஆர்டர் வருகிறது, மாஸ்டர் அதே கம்பியை அங்கே அனுப்பிவிடுகிறார். சரக்கில் ஒன்று கழிய வேண்டும், பில்லில் ஒன்று வர வேண்டும்.

ஒரே ஒரு 'டெலிட்' பட்டன் வைத்திருக்கும் சாஃப்ட்வேரில் இந்த நான்கில் கேன்சலாகிற மூன்றும் ஒன்றாகிவிடும். முதல் வகையும் இரண்டாம் வகையும் கலந்தால் மாதக் கடைசியில் கோழி குறையும், காரணம் தெரியாது. இது எல்லாருக்கும் புரியும். நான்காம் வகையைத் தப்பாக எழுதினால் நடப்பதுதான் பலருக்கும் கண்ணில் படாது. பதினாலாம் நம்பர் தந்தூரியை 'வேஸ்ட்' என்று போட்டு, மூன்றாம் நம்பருக்கு வழக்கம் போல கே.ஓ.டி. அடித்தால், சாஃப்ட்வேர் இரண்டு கோழியைக் கழிக்கும். அடுப்பில் போனது ஒன்றுதான். கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட ஃபிரிட்ஜில் ஒரு கோழி அதிகம். அதிகமாக இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதால், அந்த ஒரு கோழி வெளியே போனாலும் ஸ்டாக் சரியாகவே நிற்கும். இது கிச்சனில் இருப்பவர்களுக்குத் தெரியும், கல்லாவில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆக, கேன்சல் அழுத்தும்போது 'சமைக்கவில்லை', 'சமைத்தது, வீண்', 'சமைத்தது, வேறு டேபிளுக்கு' என்று மூன்று தேர்வாவது வர வேண்டும். புகார் வந்து திரும்பச் சமைத்துத் தருவது இதில் சேராது. அதற்குப் பழைய கே.ஓ.டி.யோடு இணைத்து விலையில்லாத கே.ஓ.டி. போக வேண்டும், என்.சி. என்று சொல்வோமே அது. அதையும் கேன்சல் என்று போட்டுப் புதிதாக அடித்தால், எந்த மாஸ்டர் கையில் எத்தனை தட்டு திரும்பி வந்தது என்பது என்றைக்கும் தெரியாது.

சமைக்க ஆரம்பித்தாயிற்றா என்பதை யார் சொல்வது? திரை விற்பவர்களின் பெரிய வாதமே இதுதான். மாஸ்டர் கட்டத்தைத் தொட்டால் 'தொடங்கியது' என்று நேரத்தோடு பதிவாகிவிடும், பிறகு சண்டைக்கு இடமில்லை என்பார்கள். கேட்கச் சரிதான். பரோட்டா கல்லில் நின்று பாருங்கள். இரண்டு கையும் எண்ணெய், ஒரு கையில் தோசைத் திருப்பி, கண் கல்லை விட்டு எடுக்க முடியாது. அவர் ஒவ்வொரு ஆர்டருக்கும் திரையைத் தொட மாட்டார். கூட்டம் ஓய்ந்ததும் மொத்தமாகத் தட்டிவிடுவார். அப்போது பதிவில் இருக்கும் நேரம் எல்லாமே பொய், அந்தப் பொய்யை வைத்து ரிப்போர்ட் வேறு வரும். ஆர்டரை வாங்கிப் பிரித்துக் கொடுத்து, தட்டு வெளியே போகும்போது சரிபார்க்க என்றே ஒருவர் நிற்கும் கிச்சனில் திரை நன்றாக வேலை செய்யும். நம் அளவு ஓட்டலில் அந்த ஆள் இல்லை.

எனவே நேரத்தை வைத்து முடிவெடுப்பதைவிடப் பண்டத்தை வைத்து முடிவெடுப்பது நல்லது. பிரியாணிக்கு 'சமைக்க ஆரம்பித்தல்' என்பதே இல்லை. மதியமே தம் போட்டாயிற்று, அண்டாவிலிருந்து தட்டில் எடுக்கும் வரை கேன்சல் செய்தால் நஷ்டம் எதுவும் கிடையாது. பரோட்டா அடித்து வைத்தது அடுத்த நிமிடமே வேறு டேபிளுக்குப் போய்விடும், சனிக்கிழமை இரவில் அது வீணாகாது. தந்தூரி, மீன் வறுவல், காரம் குறைத்துக் கேட்ட கிரேவி, இவைதான் ஏறிவிட்டால் திரும்பாதவை. மெனுவில் இவற்றுக்கு மட்டும் ஒரு குறி போட்டு, இவற்றைக் கேன்சல் செய்ய மேனேஜர் அனுமதி வேண்டும், மற்றதைக் கேப்டனே செய்யலாம் என்று வைத்தால் போதும். எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டாவது வாரத்தில் பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரிந்திருக்கும். டேபிளில் வைத்துவிட்ட பண்டம் எதுவானாலும் திரும்ப வேறு டேபிளுக்குப் போகக் கூடாது, அதில் பேச்சே இல்லை.

கேன்சல் கிச்சனுக்கு எப்படிப் போகிறது என்பதும் முக்கியம். அளவு மாறினால் முழுக் கே.ஓ.டி.யையும் திருத்தி மறுபடி அச்சடிக்கும் சாஃப்ட்வேர்கள் உண்டு. பத்து பரோட்டாவை எட்டாக்கினால் எட்டு பரோட்டா என்று புதுச் சீட்டு வரும். கூட்டத்தில் அது மாஸ்டருக்குப் புது ஆர்டர். பதினெட்டு பரோட்டா வந்து நிற்கும். ஒருமுறை போன கே.ஓ.டி.யைத் திருத்தவே கூடாது. மாறியது மட்டும் தனிச் சீட்டாக வர வேண்டும், பழைய எண்ணைச் சொல்லி:

```
**** CANCEL ****
KOT 41  20:05   T14 (T7)
 -1  TANDOORI CHKN FULL
20:18   CAPTAIN 3
```

இந்தச் சீட்டு சிவப்பில் வந்தால் இன்னும் நல்லது. கிச்சனில் இன்றும் பழைய மாதிரி ரிப்பன் பிரிண்டர் விற்கிறது என்றால் காரணம் இருக்கிறது. தெர்மல் தாள் சூடு பட்டால் கறுத்துப்போகும், அடுப்புப் பக்கம் பத்து நிமிடம் தொங்கினால் எழுத்தே தெரியாது. ரிப்பன் பிரிண்டரில் கறுப்பு சிவப்பு இரண்டும் வரும், கேன்சலை மட்டும் சிவப்பில் விடலாம். டடடட என்று சத்தமும் வரும், அதுவே ஒரு மணி. ஜூஸ் கவுண்டருக்கும் பில்லுக்கும் தெர்மல் போதும். எந்த மொழியில் அச்சடிப்பது என்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தந்தூரி மாஸ்டரும் சைனீஸ் மாஸ்டரும் வடக்கிலிருந்து வந்தவர்களாக இருந்தால் தமிழில் அச்சடித்துப் பயனில்லை.

கேன்சலில் திருட்டு எப்படி நடக்கிறது என்றால், டேபிளுக்குப் பில்லை அச்சடித்துக் கொடுப்பார்கள், வாடிக்கையாளர் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போவார், பில்லைக் கல்லாவில் முடிக்கும் முன்பு அதிலிருந்து ஒரு தந்தூரியைக் கேன்சல் செய்துவிட்டு மீதித் தொகைக்கு முடிப்பார்கள். 480-ம் வரியும் பாக்கெட்டுக்கு. இதைப் பிடிக்கக் கேமரா வேண்டாம். கேன்சல் ரிப்போர்ட்டில் இரண்டு நேரத்தைப் பாருங்கள், கே.ஓ.டி. போன நேரம், கேன்சல் ஆன நேரம். நம் டேபிளில் 8:05-க்குப் போனது 8:18-க்குக் கேன்சல், நம்பலாம். 8:05-க்குப் போனது 9:12-க்கு, அதுவும் பில் அச்சான பிறகு கேன்சல் என்றால், சாப்பிட்டு முடித்த தந்தூரியை யார் வேண்டாம் என்றார்கள்? அதோடு, ஒவ்வொரு கேன்சலுக்கும் கிச்சனில் சீட்டு வருவதால் மாஸ்டர் அதைக் கம்பியில் குத்தி வைப்பார். ரிப்போர்ட்டில் பதினொன்று, கம்பியில் எட்டு என்றால் மூன்றுக்குக் கதை வேண்டும். பிரிண்டரை நிறுத்திவிட்டுக் கேன்சல் செய்தால் அது 'அச்சாகவில்லை' என்று பதிவாகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் கார்பன் புத்தகத்துக்கும் ஒரு பலம் உண்டு, சொல்லியாக வேண்டும். எண் அச்சடித்த தாள், மூன்றாவது பிரதி புத்தகத்திலேயே இருக்கிறது, அதை யாராலும் ஓசைப்படாமல் அழிக்க முடியாது. ஆனால் தினமும் உட்கார்ந்து ஒப்பிட்டால்தான் பலன், யாரும் ஒப்பிடுவதில்லை. திரை மட்டும் வைத்திருக்கும் கிச்சனில் கம்பியே கிடையாது, எல்லாச் சாட்சியும் ஒரே கம்ப்யூட்டருக்குள்.

பில்லைப் பிரிப்பதற்கு வருவோம். தந்தூரி போனது. 190, 285, 250, பிரியாணி இரண்டு 560, சோடா இரண்டு 100. மொத்தம் 1,385. மத்திய வரி 2.5 சதவீதம் 34.63, மாநில வரி 34.63, கூட்டினால் 1,454.26, ரவுண்டு செய்து 1,454.

மூன்றாகப் பிரிப்பதை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, பில் ஒன்று, பணம் மூன்று. 1,454-ஐ 485, 485, 484 என்று வாங்கி, இரண்டு ஜி.பே., ஒரு ரொக்கம் என்று பதிவது. இன்னொன்று, மூன்று தனி பில். ஒவ்வொன்றிலும் 461.67, வரி இரண்டு முறை 11.54, கூட்டினால் 484.75, ரவுண்டு செய்து 485. மூன்று பில்லும் சேர்த்து 1,455. ஒரு ரூபாய் அதிகம். ஒரு ரூபாய் பெரிதில்லை, ஆனால் நாள் முழுக்க இப்படிப் பிரித்தால் கல்லாவுக்கும் விற்பனைக் கணக்குக்கும் சில்லறை வித்தியாசம் வந்துகொண்டே இருக்கும், கேஷியர் அதைத் தன் கையால் சரிசெய்யப் பழகுவார். அந்தப் பழக்கம்தான் ஆபத்து.

அளவும் உடையும். சுக்கா ஒன்றை மூன்று பில்லில் போட்டால் 0.33, 0.33, 0.33. கூட்டினால் 0.99. மாதக் கணக்கில் மட்டன் ரிப்போர்ட்டில் புள்ளிக்குப் பின்னால் எண்கள் நீளும். நல்ல சாஃப்ட்வேர் கடைசிப் பில்லுக்கு 0.34 போடும். இன்னும் நல்லது, சரக்கைப் பில்லில் கழிக்காமல் கே.ஓ.டி.யில் கழிப்பது. அப்போது பில்லை எப்படி உடைத்தாலும் மட்டன் ஒன்றுதான்.

எனவே சமமாகப் பிரிக்கச் சொன்னால் பில் ஒன்று, பணம் மூன்று. தனி பில் என்பது யாராவது ஒருவர் கம்பெனியில் காட்ட வேண்டும், அல்லது அவரவர் சாப்பிட்டதை அவரவர் கட்ட வேண்டும் என்றால் மட்டும். அப்போது ஐட்டமாகப் பிரிக்க வேண்டும், அதற்குக் கேப்டன் ஆர்டர் எடுக்கும்போதே யாருக்கு எது என்று சீட் நம்பரோடு அடித்திருந்தால் கையை ஒருமுறை தட்டினால் போதும். இதில்தான் கையில் போன் இருப்பது கவுண்டர் என்ட்ரியை வெல்கிறது. கேஷியருக்கு யார் என்ன சாப்பிட்டார் என்று தெரியாது. கார்பன் புத்தகத்தில் கேஷியர் கால்குலேட்டரை எடுப்பார், வரிசையில் பின்னால் ஆள் சேரும்.

பில் நம்பரையும் மறக்கக் கூடாது. ஜி.எஸ்.டி. விதி 46-ன்படி பில்லுக்கு வரிசை விடாத எண் வேண்டும், பதினாறு எழுத்துக்குள், ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது. ஒரு பில்லை அச்சடித்த பிறகு பிரிக்கச் சொன்னால் அந்த எண்ணை அழிக்க முடியாது. அதைக் கேன்சல் பில்லாக வைத்துக்கொண்டு புதிய எண்களில் மூன்று அடிக்க வேண்டும். ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் 13-ஆம் அட்டவணை எங்கிருந்து எங்கு வரை எண், அதில் எத்தனை கேன்சல் என்று கேட்கிறது. பழைய பில்லை ஒரேயடியாக நீக்கிவிடும் சாஃப்ட்வேர் என்றால் ஆடிட்டர் ஒருநாள் கூப்பிடுவார். இதைத் தவிர்க்க, முதலில் எண் இல்லாத கணக்குச் சீட்டை டேபிளுக்குக் கொடுத்து, பணம் வாங்கும்போது எண்ணோடு பில் போடுவது வழக்கம். வசதிதான், ஆனால் மேலே சொன்ன 'அச்சடித்த பிறகு கேன்சல்' திருட்டுக்கு அதுதான் வாசல். கணக்குச் சீட்டு அச்சான நொடியில் அந்த ஆர்டர் பூட்டிக்கொள்ள வேண்டும், அதன் பிறகு ஒரு பரோட்டாவைத் தொடவும் மேனேஜர் வர வேண்டும். இந்தப் பூட்டு இல்லை என்றால் எண்ணோடு நேராகப் பில் போட்டுவிட்டு, கேன்சல் பில் கூடினாலும் பரவாயில்லை என்று இருப்பதே மேல்.

இந்த ஓட்டலுக்கு என் தேர்வு மூன்றாவது வழி: கேப்டன் கையில் போன், தந்தூரி, பரோட்டா, மெயின் கிச்சன் மூன்றுக்கும் ரிப்பன் பிரிண்டர். டேபிள் மாற்றத்திலும் ஐட்டப் பிரிப்பிலும் அது கவுண்டர் என்ட்ரியைத் தெளிவாக வெல்கிறது. கேன்சலில் காகிதச் சாட்சி இருப்பதால் திரையைவிடப் பாதுகாப்பு. கவுண்டர் என்ட்ரியை வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம், ஆர்டர், கேன்சல், பில், பணம் நான்கும் ஒரே ஆள் கையில் போய்விடுகிறது. கேஷியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது அவருக்கும் சங்கடம், மாதக் கணக்கு இடித்தால் முதலில் அவரைத்தான் பார்ப்பார்கள். பார்சலும் ஆன்லைன் ஆர்டருமே பெரும்பங்கு என்றால், அங்கே டேபிள் மாற்றம் இல்லை, பிரிக்கும் பில் இல்லை, தட்டை எடுத்துக் கட்டுபவர் ஒருவர் எப்போதும் நிற்பார். அந்த இடத்துக்குத் திரையே நல்லது. பத்து டேபிளுக்குக் கீழே, முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து அங்கிருந்தே பரோட்டா கல்லைப் பார்க்க முடிகிற மெஸ் என்றால் கார்பன் புத்தகத்தை மாற்ற அவசரமில்லை. கேன்சல் என்றால் தாளைக் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு, மாஸ்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

போன் முறைக்குப் போனாலும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். வைஃபை விழும், கரண்டு போகும், ஏ.சி. அறையின் மூலையில் சிக்னல் பிடிக்காது. அந்த நேரத்துக்கு என்று தனி எண் வரிசையில் ஒரு புத்தகம், உதாரணமாக M-001-லிருந்து, கேப்டனிடம் இருக்கட்டும். லைன் வந்ததும் அந்தச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது கிச்சனுக்கு மறுபடி அச்சாகாமல் 'அச்சு வேண்டாம்' என்று விடும் வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் கரண்டு வந்த சந்தோஷத்தில் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்த ஆர்டரெல்லாம் கல்லில் இரண்டாம் முறை விழும்.